'வீட்டுல சூழ்நிலை சரியில்லைங்க'

வேலையை விட்டுப் போகும் ஒரு நர்சிடம், கடைசி நாளன்று எச்.ஆர். அலுவலர் கேட்கிறார்: "ஏன்மா போறீங்க?" அவர் தயங்காமல் பதில் சொல்கிறார்: "வீட்டுல சூழ்நிலை சரியில்லைங்க மேடம்." படிவத்தில் 'குடும்பக் காரணம்' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள்.

அந்தப் பதில் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் அனுபவச் சான்றிதழும் கணக்குத் தீர்ப்புப் பணமும் இன்னும் கைக்கு வராத நேரத்தில், யாரையும் நோகடிக்காத பதிலைத்தான் யாரும் தேர்ந்தெடுப்பார்கள். அடுத்த மருத்துவமனையிலோ வெளிநாட்டிலோ வேலைக்குச் சேர அந்தச் சான்றிதழ் வேண்டும். இன்சார்ஜ் சிஸ்டரைப் பற்றி வாய் திறந்தால் அது தாமதமாகுமோ என்ற பயம் இருக்கும். 'எக்ஸிட் இன்டர்வியூ' எனப்படும் இந்த உரையாடல்களைத் தொகுத்து நிர்வாகத்துக்கு அறிக்கை எழுதுபவர், இந்தப் பயத்தையும் கணக்கில் கொண்டுதான் தொடங்க வேண்டும்.

எப்படித் தொகுப்பது என்று பார்க்க, 160 நர்சுகள் வேலை செய்யும் ஒரு மருத்துவமனையைக் கற்பனை செய்துகொள்வோம். ஓராண்டில் 40 பேர் விலகியிருக்கிறார்கள். நான்கு பேர் சொல்லாமலே நின்றுவிட்டார்கள். மீதி 36 பேரிடம் பேசியாயிற்று. முக்கியக் காரணம் என்று 17 பேர் சம்பளத்தையும், 10 பேர் குடும்பத்தையும், 6 பேர் மேற்படிப்பு அல்லது வெளிநாட்டு வேலையையும் சொன்னார்கள். மற்ற மூவருக்கு வேறு வேறு காரணங்கள்.

பெரும்பாலான அறிக்கைகள் இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. வட்டப்படம் ஒன்று போட்டு, 'சம்பளமே முதன்மைக் காரணம்' என்று எழுதுவார்கள். நிர்வாகம் அதைப் பார்த்து, "எல்லாருக்கும் ஏற்றித் தர இப்போது வசதியில்லை" என்று சொல்லிக் கோப்பை மூடிவிடும். 36 பேர் பேசியதில் ஒரு மாற்றமும் நடக்காது.

காரணத்தைக் கேட்பதோடு நிற்காமல், 'வேறு வேலை தேடலாம் என்று முதன்முதலில் எப்போது தோன்றியது? அந்த வாரம் என்ன நடந்தது?' என்று கேட்டிருந்தால் நிலைமை வேறு. காரணம் கேட்டால் மக்கள் ஒரு சொல்லைத் தருவார்கள். நடந்ததைக் கேட்டால் ஒரு நிகழ்ச்சியைச் சொல்வார்கள். "சம்பளம் போதல" என்றவரே, "திங்கட்கிழமை டியூட்டி என்னன்னு சனிக்கிழமை சாயங்காலம்தான் தெரியும். அதுவும் ராத்திரி போன் பண்ணி மாத்துவாங்க. இந்தச் சம்பளத்துக்கு இது தேவையான்னு தோணிச்சு" என்பார். "வீட்டுல சூழ்நிலை" என்றவர், குழந்தையை யாரிடம் விடுவது என்று முன்கூட்டியே திட்டமிட முடியாததைச் சொல்வார். இருவர் சொன்ன சொல்லும் வேறு, அதற்குள் இருக்கும் சிக்கல் ஒன்று.

இந்தப் பதில்களைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 'டியூட்டி லிஸ்ட்', 'லீவு மறுப்பு', 'மேலதிகாரி நடத்தை' என்று சுருக்கமான குறிப்புப் பெயர் கொடுக்க வேண்டும். ஒரே தாளை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துக் குறிப்பது நல்லது. ஒருவர் 'லீவு' என்றும் மற்றவர் 'மேலதிகாரி' என்றும் போட்டால், அந்தக் குறிப்பின் எல்லை தெளிவாக இல்லை என்று பொருள். எண்ணும்போது ஆட்களை எண்ண வேண்டும், பேச்சை அல்ல. ஒருவர் நான்கு முறை குமுறினாலும் கணக்கில் அவர் ஒருவர்தான்.

அடுத்து, எங்கிருந்து போகிறார்கள் என்ற கேள்வி. நம் மருத்துவமனையில் வார்டுகளிலிருந்து 16 பேர், ஐ.சி.யு.விலிருந்து 16 பேர், மற்ற பிரிவுகளிலிருந்து 8 பேர் விலகினார்கள். பார்த்தால் வார்டும் ஐ.சி.யு.வும் சமம். ஆனால் வார்டுகளில் இருப்பவர்கள் 96 பேர், ஐ.சி.யு.வில் 32 பேர்தான். வார்டில் ஆறில் ஒருவர் போகிறார், ஐ.சி.யு.வில் இரண்டில் ஒருவர். போனவர்களை மட்டும் எண்ணி, மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை விட்டுவிட்டால் இந்த மும்மடங்கு வித்தியாசம் கண்ணில் படாது.

இப்போது இரண்டு விவரங்களையும் சேர்த்துப் பார்ப்போம். ஐ.சி.யு.விலிருந்து போனவர்களில் 14 பேரிடம் பேசியிருக்கிறார்கள். அவர்களில் 11 பேர் டியூட்டி லிஸ்ட்டைப் பற்றிச் சொன்னார்கள். மற்ற பிரிவுகளின் 22 பேரில் அப்படிச் சொன்னவர்கள் மூவர் மட்டுமே. சம்பளம் எல்லாப் பிரிவிலும் பேசப்படுகிறது. டியூட்டி லிஸ்ட்டோ ஒரு பிரிவில் மட்டும் குவிகிறது. நிர்வாகம் கை வைக்கக்கூடிய இடம் அதுதான்.

ஆனாலும் 14 பேரின் பேச்சு நிரூபணம் ஆகாது. போனவர்கள் கோபத்தில் பேசியிருக்கலாம். ஆகவே ஒட்டப்பட்ட டியூட்டி லிஸ்ட்டையும் வருகைப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்து, கடைசி நேரத்தில் எத்தனை முறை மாற்றம் நடந்தது என்று பார்க்க வேண்டும். இன்னும் வேலையில் இருப்பவர்களிடமும் கேட்க வேண்டும். வார்டிலும் அதே அளவு மாற்றங்கள் நடந்து, அங்கே அந்த அளவுக்கு ஆட்கள் போகவில்லை என்றால் நம் ஊகம் தவறு, வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

ஊகம் நின்றுவிட்டால் அறிக்கையின் வாசகம் எப்படி இருக்க வேண்டும்? 'ஊழியர்களுடன் தகவல் தொடர்பை மேம்படுத்த வேண்டும்' என்று எழுதினால் அதை யாரும் எதிர்க்கமாட்டார்கள், யாரும் செய்யவும் மாட்டார்கள். இப்படி எழுதலாம்: 'ஐ.சி.யு. டியூட்டி லிஸ்ட்டை 14 நாட்களுக்கு முன்பே ஒட்ட வேண்டும். அதன் பிறகு மாற்றினால் அந்த நர்சின் சம்மதத்தோடு பதிவேட்டில் எழுத வேண்டும். பொறுப்பு நர்சிங் சூப்பரின்டென்டென்ட். வாரம் எத்தனை மாற்றங்கள் என்பதையும், ஆறு மாதத்தில் எத்தனை பேர் விலகினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.' சம்பளத்தைப் பற்றிய 17 பதில்களை மறைக்கக் கூடாது. அவை தனிப் பத்தியில் இருக்கட்டும், முடிவு நிர்வாகத்துடையது.

பேசியவரைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பது அறிக்கை எழுதுபவரின் கடமை. 'குழந்தையின் முதல் பிறந்தநாளன்று லீவு தரவில்லை' என்ற வரியை அப்படியே போட்டால், பெயர் இல்லாமலே யார் என்று அந்தப் பிரிவு முழுக்கத் தெரிந்துவிடும். ஐந்து பேருக்குக் குறைவான குழுவைத் தனியாகப் பிரித்துக் காட்டாமல் இருப்பது நல்ல வழக்கம். ஓரிடத்தில் ஒருவர் மாட்டிக்கொண்டார் என்ற செய்தி பரவினால், அடுத்தவர் 'வீட்டுச் சூழ்நிலை'க்கே திரும்பிவிடுவார்.

ஆனால் சில பேச்சுகள் தொகுப்புக்குக் காத்திருக்கக் கூடாது. மருந்து மாற்றிக் கொடுக்கப்பட்டது மறைக்கப்பட்டதாக ஒருவர் சொன்னால், அது அன்றே விசாரிக்க வேண்டிய விஷயம். பாலியல் தொல்லை என்று சொன்னால், 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைக்கப்பட்டுள்ள உள்ளகப் புகார்க் குழுவிடம் போகும் வழியை உடனே காட்ட வேண்டும். 36 பேரில் ஒருவர்தானே என்று அதை அட்டவணையில் கரைத்துவிட முடியாது.

நேர்காணலை இன்சார்ஜ் சிஸ்டர் நடத்தாமல், அவருக்கு மேலோ கீழோ இல்லாத ஒருவர் நடத்தலாம். சான்றிதழைக் கொடுத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசியில் மறுபடி பேசலாம். அப்போது வரும் பதில் படிவத்தில் இருப்பதோடு ஒத்துப்போகாவிட்டால், அந்த வித்தியாசத்தையே அறிக்கையில் எழுத வேண்டும். அடுத்த ஆண்டு அறிக்கையின் முதல் பக்கத்தில் புதிய வட்டப்படம் தேவையில்லை. ஐ.சி.யு. சுவரில் டியூட்டி லிஸ்ட் எத்தனை நாள் முன்பு ஒட்டப்பட்டது, எத்தனை முறை அடித்துத் திருத்தப்பட்டது என்ற இரண்டு எண்கள் இருந்தால், போன ஆண்டு பேசியவர்களைக் கேட்டோமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.