ஊட்டியில் தெரிகிற மூச்சு சென்னையில் எங்கே போகிறது?

ஜனவரி விடிகாலையில் ஊட்டிக்குப் பக்கத்துத் தலைக்குந்தாவில் புல்வெளி வெள்ளை பூத்துக் கிடக்கும். மேகமில்லாத இரவில் தரையின் சூடெல்லாம் வானத்துக்குப் போய்விட, புல் நுனியில் உறைபனி படிந்துவிடுகிறது. பொங்கல் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த எட்டு வயதுப் பேத்திக்கோ அந்தப் புல்லைவிடத் தன் வாய்தான் பெரிய அதிசயம்.

“பாட்டி, என் வாயிலேர்ந்து புகை வருது!”

பாட்டி பள்ளியில் அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். “புகைன்னா வாசனை அடிக்கும், கொஞ்ச நேரம் சுத்திக்கிட்டு நிக்கும். இது எவ்வளவு நேரம் நிக்குதுன்னு எண்ணிப் பாரு, கண்ணு.”

பேத்தி ஊதினாள். இரண்டு எண்ணுவதற்குள் காணோம்.

“அது தண்ணி,” என்றார் பாட்டி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி நீட்டி, “இதுல ஊது” என்றார். கண்ணாடி மங்கியது. விரலால் தொட்ட பேத்திக்கு ஈரம் தெரிந்தது.

நுரையீரலின் உட்புறம் எப்போதும் ஈரமாகவே இருக்கும். அங்கே போய்த் திரும்பும் காற்று, ஏறக்குறைய 34 டிகிரி சூட்டோடும், அந்தச் சூட்டில் காற்றில் எவ்வளவு நீராவி இருக்க முடியுமோ அநேகமாக அவ்வளவோடும் வெளியே வருகிறது. ஒரு மீட்டர் நீள, அகல, உயரமுள்ள பெட்டி நிறைய மூச்சைப் பிடித்தால் அதில் சுமார் 36 கிராம் நீராவி இருக்கும். நீராவி கண்ணுக்குத் தெரியாது. அது குளிர்ந்து நுண்ணிய துளிகளாகத் திரண்ட பிறகுதான் வெள்ளையாகத் தெரிகிறது.

“சென்னையிலயும் இதே மூச்சைத்தானே விடறேன்? அங்க ஏன் வரலை?”

நல்ல கேள்வி. பாட்டி ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கணக்குப் போட்டார். இன்று காலை இங்கே 4 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வெளிக்காற்றில் 5 கிராம் நீராவி இருக்கிறது. மூச்சும் வெளிக்காற்றும் சரிபாதி கலந்தால் சூடு 19 டிகிரிக்கு இறங்கும். நீராவி 20 கிராமுக்குச் சற்று மேலே இருக்கும். ஆனால் 19 டிகிரியில் 16 கிராமுக்குத்தான் இடம். மிச்சம் 4 கிராம் துளியாகத்தான் ஆக வேண்டும். சென்னையில் அதே காலை 22 டிகிரி. கலவையின் சூடு 28. அந்தச் சூட்டில் 27 கிராம் வரை இடமுண்டு. சேர்ந்திருப்பதோ 26 கிராம். எல்லாம் ஆவியாகவே தங்கிவிடுகிறது.

“அப்புறம் ஏன் உடனே மறைஞ்சிடுது?”

“கலக்கறது பாதியோட நிக்கலையே.” மூச்சைப் போல இருபது மடங்கு வெளிக்காற்று வந்து சேரும்போது, நீராவி அவ்வளவு பரந்துவிட்டதால் குளிரிலும் அதற்கு இடம் கிடைத்துவிடுகிறது. துளிகள் மறுபடி ஆவியாகிவிடும்.

துளி உண்டாக இன்னொன்றும் வேண்டும்: ஒட்டிக்கொள்ள ஒரு தூசி. ஸ்காட்லாந்தின் ஜான் எய்ட்கன் 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைக் காட்டினார். வடிகட்டிய காற்று இருந்த பாத்திரத்தில் நீராவியை விட்டபோது உள்ளே தெளிவாகவே இருந்தது. சாதாரணக் காற்றில் விட்டபோது அடர்ந்த மூடுபனி எழுந்தது. மலைக்காற்று எவ்வளவு சுத்தமாகத் தோன்றினாலும் அதில் தேவையான அளவு தூசி இருக்கத்தான் செய்கிறது.

பேத்தி இதற்குள் வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தாள். வாயை அகலத் திறந்து ‘ஹா’ என்றால் அடர்த்தியாக வருகிறது. உதட்டைக் குவித்து ‘ஃபூ’ என்றால் அவ்வளவாக வரவில்லை. இரண்டும் ஒரே மூச்சுதான். குவித்த உதட்டிலிருந்து வேகமாகப் பாயும் காற்று, சுற்றியுள்ள குளிர்காற்றை ஏராளமாக இழுத்துக் கலந்துவிடுகிறது. மறைவதற்குத் தேவையான கலப்பு வாய்க்கு அருகிலேயே முடிந்துவிடுவதால் வெள்ளை மெலிந்து போகிறது.

“எத்தனை டிகிரிக்குக் கீழ போனா வரும், பாட்டி?”

இதற்கு ஒரே எண்ணைச் சொல்லிவிட முடியாது. 15 டிகிரியில் காற்று காய்ந்திருந்தால் ஒன்றும் தெரியாது. அதே 15 டிகிரியில் மழை பெய்து காற்று நனைந்திருந்தால் மூச்சு வெள்ளையாக வரும். வெளிக்காற்றிலேயே நீராவி நிரம்பியிருப்பதால், கலந்ததும் இடம் போதாமல் போகிறது. பாட்டி வீட்டுத் திண்ணையில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டார். தூறல் விழுகிற மாலையிலும் வெயில் அடிக்கிற மாலையிலும் ஊதிப் பார்த்து, எந்த டிகிரியில் தெரிந்தது என்று நோட்டில் எழுதி வைப்பது பேத்தியின் வேலை.