நிற்கும் வண்டிக்கும் செலவு உண்டு

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைப்பாதையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கு ஒரு மருத்துவ வேன் கீழிருந்து கிளம்புகிறது. டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், லேப் டெக்னீஷியன், டிரைவர் என்று ஐந்து பேர். ஜவ்வாது மலையின் மூன்று நான்கு சிற்றூர்களில் நின்று, நாற்பத்தைந்து பேரைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். போக வர, ஊருக்கு ஊர் சுற்ற, மொத்தம் 100 கிலோமீட்டர்.

இந்த ஒரு நாள் பயணத்துக்கு என்ன செலவாகும்?

இதைக் கேட்டால் பெரும்பாலோர் முதலில் டீசலைத்தான் சொல்வார்கள். ஓர் அறக்கட்டளையின் வேன் கணக்கைச் சில காலம் பார்த்தவன் என்ற முறையில் எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. கணக்கைப் பிரித்துப் போட்டபோதுதான் வேறு விஷயம் தெரிந்தது. கீழே வரும் தொகைகள் அமைப்புக்கு அமைப்பு மாறும். கணக்கு புரிவதற்காக ஒரு மாதிரி வண்டிக்கு முழு எண்ணாக்கித் தருகிறேன்.

டீசலையே முதலில் எடுத்துக்கொள்வோம். சமவெளியில் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கொடுக்கும் வேன், மலை ஏறினால் எட்டுதான் கொடுக்கும். 100 கிலோமீட்டருக்குப் பன்னிரண்டரை லிட்டர். நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டால் இன்னொரு அரை லிட்டர். ஆக 13 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் 1,209 ரூபாய்.

அடுத்தது மருந்து. நாற்பத்தைந்து பேரில் சுமார் இருபத்தைந்து பேர் சுகர், பி.பி. காரர்கள். மாதம் தவறாமல் வருபவர்கள். காலையும் இரவும் மெட்ஃபார்மின், நாளுக்கொரு ஆம்லோடிபின் என்று பார்த்தால் ஒருவருக்கு முப்பது நாளைக்கு 90 மாத்திரை. ஜெனரிக் மருந்தாக மொத்தத்தில் வாங்கினால் சராசரி 80 காசு என்று கொள்ளலாம். தலைக்கு 72 ரூபாய். மற்ற இருபது பேர் காய்ச்சல், சளி, மூட்டுவலி, சொறி சிரங்கு என்று வருபவர்கள். அவர்களுக்குச் சராசரி 40 ரூபாய். சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப், பஞ்சு, ஊசி, கையுறைக்கு 300 ரூபாய். கூட்டினால் 2,900.

ஐந்து பேரின் சாப்பாடு, டீ 500 ரூபாய். வண்டி ஓடினால்தான் வரும் செலவு இவ்வளவுதான்: 4,609 ரூபாய்.

மீதி எல்லாம் வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் வருவது. மாதச் சம்பளம் டாக்டருக்கு 70,000, நர்ஸுக்கு 20,000, மருந்தாளுநருக்கு 17,000, டிரைவருக்கு 16,000, லேப் டெக்னீஷியனுக்கு 15,000. டாக்டர் தவிர்த்த நால்வருக்கும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்காக சுமார் 11,000. மொத்தம் 1,49,000. இன்சூரன்ஸ், எஃப்.சி., டயர், பிரேக், சர்வீஸ், மருத்துவக் கழிவை எடுத்துச் செல்வோருக்குக் கொடுப்பது ஆகியவற்றுக்கு மாதம் 19,000. இரண்டும் சேர்ந்து 1,68,000. மாதம் 22 பயணம் என்றால் ஒரு பயணத்தின் தலையில் விழுவது 7,636 ரூபாய்.

ஆக ஒரு பயணத்துக்கு 12,245. ஒரு நோயாளிக்கு 272 ரூபாய். இதில் டீசலின் பங்கு பத்தில் ஒன்றுதான்.

அந்த 7,636 ரூபாயை மறுபடி பாருங்கள். பிரேக் லைனிங் தேய்ந்து வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் நாளிலும், டாக்டர் லீவு போட்ட நாளிலும், மழையில் பாதை சரிந்த நாளிலும் அந்தப் பணம் போய்க்கொண்டேதான் இருக்கிறது. மாதத்தில் நான்கு நாள் வண்டி கிளம்பவில்லை என்றால் மிச்சமாவது 18,436 ரூபாய். அதிலும் பெரும்பகுதி நோயாளிக்குப் போகாத மாத்திரை. மீதமுள்ள 18 பயணத்தில் ஒவ்வொன்றின் செலவும் 13,942 ஆக ஏறிவிடும். வண்டிக்கணக்கில் மிகப் பெரிய வீண்செலவு, கிளம்பாத பயணம்தான். பிரேக் லைனிங்கை உரிய நேரத்தில் மாற்றாமல் ஒரு மாதம் தள்ளிப்போட்டுச் சேமிப்பதாக நினைப்பவர்கள், இரண்டு நாள் வண்டி நின்றால் பதினைந்தாயிரத்தை இழக்கிறார்கள்.

இதே கணக்கு இன்னொரு தவறையும் காட்டிக்கொடுக்கும். செலவைக் குறைக்க வேண்டும் என்று கமிட்டி கூடும்போது, "அந்தக் கடைசி ஊர் ரொம்ப தூரம், விட்டுவிடலாமே" என்ற பேச்சு கட்டாயம் எழும். போக வர 16 கிலோமீட்டர் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு டீசல் இரண்டு லிட்டர், 186 ரூபாய். டாக்டரின் அன்றைய சம்பளம் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. அந்த ஊரில் பத்துப் பேர் வந்தால், மருந்து நீங்கலாக, தலைக்கு 19 ரூபாய்கூட ஆகாது. நேரம் போதாது என்றால் அது நியாயமான காரணம். டீசல் என்றால் காரணமே இல்லை.

அதற்காக டீசலைக் கவனிக்காமல் விடச் சொல்லவில்லை. அதைக் கவனிப்பது காசுக்காக மட்டுமல்ல, அது வண்டியின் நாடித்துடிப்பு. ஒரே பங்கில் டாங்க் நிறைய அடிக்க வேண்டும். கிலோமீட்டரை லாக் புக்கில் எழுத வேண்டும். அடுத்த முறையும் நிறைய அடித்து, ஓடிய தூரத்தை அடித்த லிட்டரால் வகுக்க வேண்டும். ஐந்நூறு ரூபாய்க்கு, ஆயிரம் ரூபாய்க்கு என்று அரைகுறையாக அடித்தால் இந்தக் கணக்கு வரவே வராது. அதே பாதையில் எட்டு கொடுத்த வண்டி ஆறரைக்கு இறங்கினால் ஏதோ கோளாறு. ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டயரில் காற்று குறைந்திருக்கலாம், பிரேக் பிடித்துக்கொண்டு விடாமல் இருக்கலாம், டீசல் வேறு வழியிலும் போகலாம். டிரைவரைச் சந்தேகிப்பதற்கு முன் சக்கரத்தின் மூடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கொதித்தால் பிரேக் பிடிக்கிறது என்று அர்த்தம். மலை இறங்கும் வண்டியில் அதை அன்றே தெரிந்துகொண்டாக வேண்டும்.

இனி மருந்துக்கு வருகிறேன். கணக்கில் சிறியதாகத் தெரிந்தாலும் வண்டி போவதே அதற்காகத்தான்.

ஒரு முறை வேன் நின்றதும் முதல் ஆளாக ஒரு பாட்டி வந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, மாத்திரை எடுத்த வெறும் அட்டைகளை நர்ஸின் மேசையில் வரிசையாக வைத்தார்.

"என்ன பாட்டி, பி.பி. இவ்வளவு ஏறிக் கிடக்கு? மாத்திரை போடலையா?"

"தீந்து அஞ்சு நாளாச்சும்மா. வண்டி வருது வருதுன்னு பாத்துக்கினே இருந்தேன்."

போன மாதம் முப்பது நாளைக்குச் சரியாகத்தான் கொடுத்திருந்தோம். வண்டியும் நாள் தவறவில்லை. பின் எங்கே பிசகு? "மாதத்தின் இரண்டாவது செவ்வாய்" என்று ஊருக்கு நாள் குறித்ததில்தான். ஓர் இரண்டாவது செவ்வாயிலிருந்து அடுத்த இரண்டாவது செவ்வாய்க்குச் சில மாதங்களில் 28 நாள், சில மாதங்களில் 35 நாள். ஐந்து வார இடைவெளி விழும் மாதத்தில், முப்பது நாள் மாத்திரை ஐந்து நாள் குறையும். அந்த மாதம் அந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் மாத்திரை இல்லாமல் இருந்திருக்கிறார்கள். நாங்களோ முகாமுக்கு முகாம் அவர்களைத்தான் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தோம்.

இதற்குத் தீர்வு எளியது. அடுத்த வருகை வரை எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்த்து எண்ணி, அத்தனை நாளுக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு வாரத்துக்குக் கையிருப்பாகக் கொடுக்க வேண்டும். பாதை சரியலாம், பண்டிகை வரலாம், டாக்டருக்கே காய்ச்சல் வரலாம். இந்த ஒரு வாரக் கையிருப்பு ஒருவருக்கு 21 மாத்திரை, சுமார் 17 ரூபாய். 22 பாதைகளிலும் சேர்த்து 550 பேர் இருந்தால் ஒன்பதாயிரத்துச் சொச்சம். இது மாதாமாதம் வரும் செலவும் அல்ல. ஒரு முறை கொடுத்துவிட்டால் அது நோயாளியின் வீட்டில் இருப்பாகவே நிற்கும், அடுத்தடுத்த மாதங்களில் வழக்கமான அளவைக் கொடுத்தால் போதும். பழைய அட்டையை முதலில் முடிக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

மருந்துச் செலவில் குறைக்க வேண்டியது வேறிடத்தில் இருக்கிறது. மருந்துப் பெட்டிகளை இரவும் பகலும் வேனிலேயே விட்டுவிடும் பழக்கம் பல இடங்களில் உண்டு. சித்திரை வெயிலில் மூடி நிற்கும் வேனுக்குள் சூடு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாத்திரைகளில் பெரும்பாலானவை 30 டிகிரிக்குள் இருக்க வேண்டியவை. இன்சுலின் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்துபோனாலும் வீண்தான், அதனால் ஐஸ் பேக்கை ஒட்டி வைக்கக் கூடாது. அன்றைய பாதைக்கு வேண்டியதை மட்டும் காலையில் எண்ணி ஏற்றி, மாலையில் மீதியை எண்ணி இறக்கினால் கெடுவதும் குறையும், காலாவதியாகிக் குப்பைக்குப் போவதும் குறையும். எண்ணிக்கை தவறினால் அன்றே தெரியும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. சுகர், பி.பி. மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டம் அது. அறக்கட்டளை வண்டி போகும் ஊரில் அத்திட்டத்தின் ஊழியரும் போகிறார் என்றால், இருவரும் உட்கார்ந்து பெயர்ப் பட்டியலை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் ஒருவருக்கே இரண்டு இடத்திலிருந்து மாத்திரை போகும். அது பணம் வீணாவதோடு நிற்காது. ஒரே மருந்து வேறு வேறு நிற அட்டையில் வந்தால் இரண்டையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளும் முதியவர்கள் இருக்கிறார்கள். சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்தால் மலையில் தூக்கிச் செல்ல யார் இருக்கிறார்கள்?

கடைசியாக, இந்தக் கணக்கில் நான் சேர்க்காத ஒரு வரி. வண்டி 24 லட்சம், பத்து ஆண்டு ஓடும் என்றால், அடுத்த வண்டிக்காக மாதம் 20,000 ஒதுக்கி வைக்க வேண்டும். அதையும் சேர்த்தால் ஒரு பயணம் 13,154 ரூபாய். பெரும்பாலான அமைப்புகள் இதை எழுதுவதில்லை. வண்டியை யாரோ நன்கொடையாகக் கொடுத்தார்கள், அதனால் அது இலவசம் என்று எண்ணிவிடுகிறார்கள்.

வண்டி கொடுக்க முன்வரும் நல்ல மனத்தவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். மேலே போட்ட மாதக் கணக்கு 2,69,400 ரூபாய். ஒன்பதே மாதத்தில் ஓட்டும் செலவு வண்டியின் விலையைத் தாண்டிவிடுகிறது. ஆகவே அடுத்த வண்டியை வாங்கித் தருவதற்கு முன், ஏற்கெனவே உங்கள் மாவட்டத்தில் இருக்கும் வேன் போன மாதம் எத்தனை நாள் கிளம்பியது என்று லாக் புக்கைக் கேட்டுப் பாருங்கள். பதினைந்து நாள்தான் கிளம்பியது என்றால், இரண்டாவது வண்டி வேண்டாம். விட்டுப்போன ஏழு நாளுக்கு டிரைவர் சம்பளமோ டயரோ மருந்தோ எது தடையாக நின்றது என்று கேட்டு, அதைக் கொடுங்கள்.