முன்பயிற்சி பெற்ற முகமாற்று மாடலும் என் கல்யாண சிடியும்

2016 சட்டமன்றத் தேர்தலில் எங்க உளுந்தூர்பேட்டை தொகுதியில் நின்று தோற்றவர் விஜயகாந்த். 2023 டிசம்பர் 28-இல் இறந்தார். 2024 செப்டம்பரில் ‘கோட்’ படத்தின் தொடக்கத்தில், குடும்பத்தின் அனுமதியோடு, செயற்கை நுண்ணறிவால் திரும்பி வந்தார். தியேட்டரில் விசில் அடங்க நேரமாச்சு. எனக்கோ வேறொரு கேள்வி. இறந்த ஒருவரை இனிமேல் படம் பிடிக்க முடியாது. இருக்கிற பழைய காட்சிகள்தான் மொத்தக் கையிருப்பு. இப்படிக் கொஞ்சம் முகங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முகமாற்று மாடலை எப்படிப் பழக்குவது?

அடுத்தவர் முகத்தில் விளையாட எனக்கு உரிமையில்லை. அதனால் என் முகத்திலேயே செய்து பார்த்தேன். மூலம், 2006-இல் எடுத்த எங்க கல்யாண வீடியோ சிடி. இலக்கு, இப்போதைய நான் செல்போனில் பேசும் ஒரு வீடியோ. கருவி, டீப்ஃபேஸ்லேப். சிடியிலிருந்து வந்த முகங்களில் ஒரே மாதிரி இருந்தவற்றையும் மங்கலானவற்றையும் கழித்ததும் மிஞ்சியது 380. நேராகப் பார்ப்பவைதான் அதிகம். பக்கவாட்டில் திரும்பியவை இருபதுகூட இல்லை.

முதல் முயற்சி அடியிலிருந்து பயிற்சி. என்னிடம் உள்ள பழைய கிராபிக்ஸ் கார்டில் ஒரு சுற்றுக்கு அரை விநாடி. 2 லட்சம் சுற்று என்றால் 28 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதன் முடிவில் கிடைத்தது முகமூடி மாட்டிய ஆள். நான் பேசுகிறேன், வாய் பாதிதான் திறக்கிறது. காரணம் எளிது. மணமேடையில் நான் வாய் திறக்கவே இல்லை! பார்க்காததை அந்த மாடல் எங்கிருந்து வரையும்?

அடுத்து, முன்பயிற்சி பெற்ற மாடல். ஃபிளிக்கர் தளத்திலிருந்து திரட்டிய 70,000 படங்கள் கொண்ட எஃப்எஃப்ஹெச்க்யூ தொகுப்பில் பழகியது. சிரிப்பவர், கத்துபவர், குனிபவர், கண்ணாடி போட்டவர் என எல்லாரையும் அது பார்த்திருக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது, எதை வைத்துக்கொண்டு எதைத் தூக்கிப் போடுகிறோம் என்பதுதான்.

மாடலுக்குள் மூன்று வேலைகள். என்கோடர் முகத்தைச் சுருக்கிக் குறியீடாக்கும். டீகோடர் குறியீட்டிலிருந்து முகத்தை வரையும். இரண்டுக்கும் நடுவே ‘இன்டர்’ என்ற அடுக்கு. ‘லியே’ அமைப்பில் இன்டர் இரண்டு: `inter_AB`, `inter_B`. ஓட்டம் இப்படி:

```
மூலம்   : decoder( AB(src), AB(src) )
இலக்கு  : decoder( B(dst),  AB(dst) )
மாற்றம் : decoder( AB(dst), AB(dst) )
```

கடைசி வரியைப் பாருங்க. இலக்கு முகத்தை `inter_B` பக்கமே போகவிடாமல் இரண்டு இடத்திலும் `inter_AB` வழியாக அனுப்பினால், பாவனை இலக்குடையதாக இருக்கும், ஆள் மூலத்துடையவராக வருவார். அதாவது ‘யார்’ என்பது பெரும்பாலும் இன்டரில் உருவாகிறது. ‘முகம் என்றால் எப்படி இருக்கும்’ என்பது என்கோடரிலும் டீகோடரிலும் இருக்கிறது. அதனால்தான் டீப்ஃபேஸ்லேபில் `pretrain` தேர்வை அணைத்ததும், அது இரண்டு இன்டர்களையும் அழித்துப் புதிதாகத் தொடங்குகிறது. 70,000 படங்களில் இருந்தவர்களின் அடையாளம் போய்விடும், வரையும் கை மிஞ்சும். முதல் சில நூறு சுற்றுகளில் முன்னோட்டத் திரை குழம்பிப்போய்த் தெரிவது இதனால்தான். நான் முதல்தடவை பயந்து நிறுத்திவிட்டேன். நிறுத்தக் கூடாது.

ஒரு கட்டுப்பாடும் உண்டு. தெளிவளவு, அமைப்பு, முகப்பரப்பு வகை மூன்றும் முன்பயிற்சியோடு முடிவாகிவிட்டன. நான் எடுத்தது 224 புள்ளி, நெற்றியும் சேர்ந்த முழுமுக வகை. பிறகு மாற்ற வழியில்லை. இது பின்னால் என்னைக் கடித்தது.

பயிற்சியில் எனக்கு அதிகம் உதவியது `random warp`. முகத்தைக் கோணலாக நெளித்துக் கொடுத்து, நெளியாததைத் திருப்பிக் கேட்பார்கள். இது இல்லாவிட்டால் 380 படங்களையும் மாடல் மனப்பாடம் பண்ணிவிடும், நம்ம பத்தாம் வகுப்பு நோட்ஸ் மாதிரி. அதை 30,000-ஆவது சுற்றிலேயே அணைத்துப் பார்த்தேன். திரையில் ஓடும் பிழை எண் சரசரவென இறங்கியது, சந்தோஷப்பட்டேன். மாற்றிய முகத்தைப் பார்த்தால் 2006-ஆம் வருஷத்து நான் இல்லை, இப்போதைய நானேதான், லேசாகப் பூசி மெழுகியபடி.

இதில்தான் பலர் ஏமாறுகிறோம். அந்த எண்கள் சொல்வது இரண்டு விஷயம் மட்டுமே: மூலத்தை மூலமாக எவ்வளவு சரியாக வரைந்தது, இலக்கை இலக்காக எவ்வளவு சரியாக வரைந்தது. மாற்றிய முகத்துக்கு ஒப்பிட விடைத்தாளே கிடையாது. அதனால் அந்த எண் எவ்வளவு இறங்கினாலும் மாற்றம் கெட்டுப்போயிருக்கலாம். முன்னோட்டத்தின் கடைசிப் பத்தியைக் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பழைய சேமிப்புக்குத் திரும்பி, நெளிப்பை 80,000 சுற்று வரை விட்டுவைத்து, பிறகு அணைத்து 20,000 ஓட்டினேன். மொத்தம் 14 மணி நேரம். வாய் திறந்தது. பக்கவாட்டிலும் முகம் உடையவில்லை.

ஆனால் நெற்றியில் சந்தனமும் குங்குமமும்! செல்போன் வீடியோவில் வெறும் நெற்றியோடு பேசுகிறேன், மாற்றியதில் மாப்பிள்ளைக் கோலம். 380 படத்திலும் பொட்டு இருந்ததால், அது ஒப்பனை என்று பிரித்தறிய மாடலுக்கு வழியே இல்லை. அதுவும் முகத்தின் அங்கம்தான் என்று எடுத்துக்கொண்டது. புருவத்தோடு நிற்கும் முகப்பரப்பு வகை என்றால் தப்பித்திருக்கலாம், அதைத்தான் மாற்ற முடியாதே. கடைசியில் நாற்பது முகங்களில் கையால் கோடு போட்டு, புருவத்துக்குக் கீழே மட்டும் முகம் என்று எக்ஸ்செக் முகமூடியைப் பழக்கினேன். அந்த முகமூடியோடு இன்னொரு 15,000 சுற்று. நெற்றி இப்போது இன்றைய நெற்றிதான். சுருக்கம் தெரியுது, போகட்டும்.

வீட்டில் காட்டினேன். மனைவி ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “எல்லாம் சரிங்க, பல்லு உங்க பல்லு இல்லையே” என்றாள்.

அப்போதுதான் உறைத்தது. அந்த வயதில் என் முன்பல் ஒன்று ஓரம் உடைந்திருந்தது, பிறகுதான் கட்டினேன். சிடியில் நான் வாய் திறக்காததால் மாடலுக்கு அது தெரியாது. இலக்கு வீடியோவில் இருப்பதோ கட்டிய பல். அதன் அமைப்பும், முன்பயிற்சியில் பார்த்த ஆயிரக்கணக்கானோரின் பற்களும் சேர்ந்து ஒரு சராசரியாகி, நல்ல வரிசையான பல்லை வரைந்திருக்கிறது. முன்பயிற்சியின் லாபம் என்று நான் சொன்னது முழுக்க இதுதான்: நம்மிடம் இல்லாத இடத்தை ஊரார் முகத்தால் நிரப்பித் தருவது. அடியிலிருந்து பழக்கிய மாடல் தெரியாததைத் தெரியாது என்று காட்டியது, வாய் திறக்கவில்லை. இது கூச்சமில்லாமல் திறக்கிறது.

எனக்குத் தப்பைச் சொல்ல பக்கத்தில் ஆள் இருந்தது. நாளை யாராவது இறந்துபோன தாத்தாவின் நான்கு நிமிஷ வீடியோவை வைத்து இதைச் செய்தால், அவர் சிரிப்பில் எந்தப் பகுதி அவருடையது என்று திரை காட்டாது. அதனால் இப்போது பயிற்சிக்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைக்கிறேன்: மூலத்தில் இல்லாத கோணம், இல்லாத பாவனை, தெரியாத பல், மறைந்த காது. கல்யாண சிடிக்கு அப்படி எழுதிப் பார்த்ததில் முக்கால் பக்கம் வந்தது. பல்லுக்கு மட்டும் ஒரு வழி கிடைத்தது. கல்லூரிச் சுற்றுலா ஆல்பத்தில் வாய்விட்டுச் சிரிக்கும் ஆறு போட்டோக்கள் இருக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்து சேர்த்து, மறுபடி ஓட விட்டிருக்கிறேன்.