பேரன் என்றால் யார்?

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் மதுரையில் இருக்கும் உங்களுக்கு இப்படி எழுதுவதாக வைத்துக்கொள்வோம்: “பேரன் நேற்று மோசம் போயிட்டார். தங்கச்சிக்கு நாளைக்குச் சோதனை. நான் மட்டும் வெளிக்கிடுறன். அலுவல் முடிய ஆறுதலாக் கதைக்கிறன்.”

படித்ததும் உங்கள் மனதில் ஒரு கதை ஓடும். பேரப்பிள்ளை யாரிடமோ ஏமாந்துவிட்டான், தங்கைக்கும் ஏதோ கஷ்டம், நண்பர் ஆறுதல் சொல்லப்போகிறார். ‘கவலைப்படாதீர்கள், பணம் திரும்பக் கிடைத்துவிடும்’ என்று பதில் எழுதினால் என்ன ஆகும்? அவர் சொன்னது தாத்தாவின் சாவுச் செய்தி.

யாழ்ப்பாணத்தில் பேரன் என்றால் தாத்தா, பேத்தி என்றால் பாட்டி. அடுத்த தலைமுறையைப் பேரப்பிள்ளை என்பார்கள். ஈழத்து மரண அறிவித்தல்களில் இறந்த முதியவரை இன்னாரின் ‘பாசமிகு பேரனும் பூட்டனும் ஆவார்’ என்று போடுவது வழக்கம். பேரன் என்பது பெயரன் என்பதன் மரூஉ. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தில் ஒரே பெயர் இருவருக்கும் உரியதாகிறது. உறவுச்சொல் தமிழ்நாட்டில் இளையவரிடம் நின்றுவிட்டது, அங்கே மூத்தவரையும் குறிக்கிறது.

மோசம் போவது அங்கே இறந்துபோவது. சோதனை என்பது பள்ளிக்கூடப் பரீட்சை. வெளிக்கிடுவது புறப்படுவது, இதை நம் ஊரில் ‘வெளிக்குப் போவது’ என்பதோடு சேர்த்துப் படித்துவிடக் கூடாது. ஆறுதலாக என்றால் அவசரமில்லாமல், நிதானமாக. கதைப்பது பேசுவது. ஆனால் ‘அம்மா பேசினவ’ என்று எழுதினால், அம்மா திட்டினார் என்று பொருள்.

எனக்குக் கவலை தருபவை தெரியாத சொற்கள் அல்ல. பாண், கெதியா, கந்தோர் என்று வந்தால் உடனே கேட்டுவிடுவோம். ரொட்டி, சீக்கிரம், அலுவலகம் என்று விடை வந்துவிடும். ஆறுதலும் சோதனையும் நம் வீட்டுச் சொற்கள். அதனால் கேட்கத் தோன்றாது. மேலே உள்ள செய்தியில் தவறான பொருளும் ஓரளவு கோவையாகவே அமைந்துவிடுகிறது, ஆபத்து அங்கேதான்.

ஆனாலும் தடயம் உண்டு. ‘போயிட்டார்’ என்ற மரியாதை விகுதியைப் பாருங்கள். சின்னப் பையனை யாரும் இயல்பாக அப்படிச் சொல்லமாட்டார்கள். ஒரு சொல்லும் அதன் விகுதியும் ஒட்டாமல் நின்றால், அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏமாற்றியவர் யார், தொகை எவ்வளவு என்ற பேச்சே இல்லாததும் இன்னொரு தடயம். நேரில் பேசும்போது குரலின் தழுதழுப்பு காட்டிக்கொடுத்துவிடும், எழுத்தில் அந்த உதவி கிடையாது.

கடல் கடந்து எழுதுகிறவர்கள் சாவு, நோய், பயணம் இந்த மூன்றை மட்டுமாவது பொதுத்தமிழில் எழுதுங்கள்: ‘அம்மாவின் அப்பா நேற்று இறந்துவிட்டார்.’ படிக்கிறவர்கள், பதில் எழுதுமுன் ஒரு வரி கேட்டுவிடுங்கள்: “பேரன் என்றது தாத்தாவையா?”