அருவியில் நனைந்த விரலும் போனுக்குள் இருக்கும் கணக்கும்

சாரல் சீசன். தென்காசியிலிருந்து குடும்பத்தோடு குற்றாலம் போகிறீர்கள். ஐந்தருவியில் ஆசை தீரக் குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே பிளாஸ்டிக் கவரில் இருந்த போனை எடுத்து விரலை வைக்கிறீர்கள். திறக்கவில்லை. துண்டில் துடைத்துவிட்டு மறுபடியும் வைக்கிறீர்கள். ஊஹூம். ஐந்து முறை தவறியதும், கொஞ்ச நேரம் கழித்து முயலுங்கள் என்கிறது போன். "காலையில திறந்த அதே விரல்தானே, இப்ப என்ன ஆச்சு?" என்று தோன்றும்.

போன் உங்கள் விரலை மறக்கவில்லை. அது எதை நினைவில் வைத்திருக்கிறது என்று தெரிந்தால், குற்றாலத்தில் நடந்தது மட்டுமல்ல, உங்கள் கைரேகை எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்பதும் புரிந்துவிடும்.

போனில் இருப்பது போட்டோ அல்ல

விரல் பதிவு செய்யும்போது போன் நம் ரேகையைப் படம் பிடித்து வைத்துக்கொள்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். படம் எடுப்பது உண்மை. ஆனால் அது கண நேரத்துக்குத்தான்.

உதாரணத்துக்கு, 2013-ல் வந்த ஐபோன் 5எஸ்-ஐ எடுத்துக்கொள்வோம். கைரேகை சென்சாரைப் பரவலாக்கிய போன்களில் இது முக்கியமானது. ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட விவரப்படி, அதன் சென்சார் எடுக்கும் படம் குறுக்கே 88 புள்ளி, நெடுக்கே 88 புள்ளி. அளந்தால் சுமார் நாலரை மில்லிமீட்டர் சதுரம்தான், விரல் நுனியை விடச் சின்னது. அதனால்தான் பதிவு செய்யும்போது "விரலை எடுங்கள், மறுபடி வையுங்கள்" என்று போன் திரும்பத் திரும்பக் கேட்கிறது. சின்னச் சின்னத் துண்டுகளாகப் பார்த்து, முழு விரலையும் தெரிந்துகொள்கிறது.

இந்தப் படத்திலிருந்து போன் அளவுகளை எடுக்கிறது. உங்கள் பெருவிரலை வெளிச்சத்தில் பாருங்கள். ரேகைக் கோடுகள் சில இடங்களில் சட்டென்று முடியும். சில இடங்களில் ஒரு கோடு இரண்டாகப் பிரியும். கைரேகை நிபுணர்கள் ஒரு விரலை இன்னொரு விரலிலிருந்து பிரித்துப் பார்ப்பது இந்த இடங்களை வைத்துத்தான். ஒவ்வோர் இடத்தையும் எண்களாக எழுதலாம்: குறுக்கே 31, நெடுக்கே 52, கோடு போகும் கோணம் 135 டிகிரி, வகை பிரிவு. இப்படி வரிசையாக எழுதினால் அதுதான் டெம்ப்ளேட். போன் சென்சார் சின்னது என்பதால் இந்த இடங்கள் அதில் குறைவாகவே விழும். அதனால் கோடுகள் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகின்றன என்ற கோணக் கணக்கையும் பல போன்கள் சேர்த்துக்கொள்கின்றன. எந்தக் கணக்கு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கணக்கு முடிந்ததும் படம் அழிக்கப்படுகிறது.

அடுத்த முறை விரல் வைக்கும்போது புதிதாக ஒரு படம், புதிதாக ஒரு கணக்கு. அதைப் பழைய கணக்கோடு ஒப்பிட்டு, எவ்வளவு ஒத்துப்போகிறது என்று போன் மதிப்பெண் போடுகிறது. தேவையான மதிப்பெண் வந்தால் திறக்கும். பாஸ்வேர்டைப் போல ஓர் எழுத்துகூடப் பிசகாமல் பொருந்த வேண்டும் என்று இங்கே கேட்க முடியாது. ஒரே விரலை இரண்டு முறை அச்சு அசலாக ஒரே மாதிரி வைக்க யாராலும் முடியாது.

ஐந்தருவியில் நடந்தது இதுதான். நெடுநேரம் தண்ணீரில் இருந்தால் விரல் நுனியின் ரத்தக் குழாய்கள் சுருங்கி, தோல் மடிந்துவிடும். கோடுகளுக்கு இடையிலான தூரமும் கோணமும் மாறும். கோடுகளுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தில் ஈரம் நின்றால், மேடு எது பள்ளம் எது என்று சென்சாருக்கும் தெரியாது. மதிப்பெண் குறைந்துவிடும், போன் திறக்காது. விரல் காய்ந்து சுருக்கம் போனதும் பழையபடி திறக்கும். அதுவரை பின் நம்பரைப் போடுங்கள். பீடி சுற்றி, வயல் வேலை பார்த்து ரேகை தேய்ந்தவர்களுக்கும் இதே சிக்கல்தான். அவர்கள் ஒரே விரலை இரண்டு தடவை தனித்தனியாகப் பதிந்துவைத்தால் பொருந்தும் வாய்ப்பு கூடும்.

படமாகவே வைத்திருந்தால் என்ன ஆகும்?

படம் கையில் கிடைத்தால் அதிலிருந்து விரலையே செய்துவிடலாம். 2018-ல் தெலங்கானாவில் இது நடந்தது. பதிவுத்துறை இணையதளத்தில் நிலப் பத்திரங்களின் நகல்கள் இருந்தன. அவற்றில் விற்றவர், வாங்கியவர் கைரேகையும் இருந்தது. ஒரு சிம் கார்டு வியாபாரி அந்த ரேகைகளை எடுத்து, ரப்பர் ஸ்டாம்ப் செய்யும் முறையில் போலி ரேகை தயாரித்து, அந்த மக்களின் ஆதார் பெயரில் சிம் கார்டுகளை ஆக்டிவேட் செய்தார். போலீசார் அவரைக் கைது செய்தனர். பாஸ்வேர்டு திருடு போனால் அன்றைக்கே மாற்றிவிடலாம். பெருவிரலை எப்படி மாற்றுவது?

போனிலும் இந்தத் தவறு நடந்திருக்கிறது. எச்டிசி ஒன் மேக்ஸ் என்ற போன் கைரேகையைப் படக் கோப்பாகவே சேமித்துவைத்திருந்ததை, 2015 ஆகஸ்டில் ஃபயர்ஐ நிறுவன ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். `dbgraw.bmp` என்ற அந்தக் கோப்புக்குப் பூட்டு எதுவும் இல்லை. போனில் இருக்கும் எந்த ஆப்பும் படிக்கலாம். விரல் வைக்கும் ஒவ்வொரு முறையும் புதுப் படம் அதில் வந்து விழுந்தது. ஆய்வாளர்கள் சொன்ன பிறகு நிறுவனம் அதைச் சரிசெய்தது.

கணக்கு மட்டும் போதுமா?

இங்கேதான் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். "படம் இல்ல, வெறும் நம்பர்தானே, யார் எடுத்தா என்ன?" என்று கேட்கலாம். அப்படி விட்டுவிட முடியாது. கோடு முடியும் இடம், பிரியும் இடம், கோணம் ஆகியவை இருந்தால், இடையில் உள்ள கோடுகளை ஊகித்து வரைந்து, சோதனையில் தேறும் அளவுக்கு ஒரு ரேகையை உருவாக்க முடியும் என்று இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007-லேயே காட்டினார்கள். அசல் ரேகைக்கு அப்படியே சமமாக இருக்காது. ஆனால் இயந்திரத்தை ஏமாற்ற அது போதும். டெம்ப்ளேட் ஆபத்தைக் குறைக்கிறது, ஒழிக்கவில்லை.

அதனால்தான் இரண்டாவது காப்பு, வன்பொருள். போனின் புராசசருக்குள்ளேயே தனியாக ஒதுக்கப்பட்ட பாதுகாப்புப் பகுதி உண்டு. சில போன்களில் அதற்குத் தனிச் சிப்பே இருக்கும். ஆண்ட்ராய்டோ ஆப்களோ அதற்குள் எட்டிப் பார்க்க முடியாது. சென்சாரிலிருந்து வரும் படம் நேராக அங்கே போகிறது. கணக்கெடுப்பதும் ஒப்பிடுவதும் அங்கேதான். கணக்கை வெளியே போனின் நினைவகத்தில் வைப்பதாக இருந்தாலும், அந்தச் சிப்புக்கு மட்டுமே தெரிந்த ரகசியச் சாவியால் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

இதை வங்கி லாக்கரோடு ஒப்பிடலாம். ஆனால் இந்த லாக்கரின் சாவி லாக்கருக்கு உள்ளேயே இருக்கிறது. திருடன் உங்கள் போனைக் கழற்றி நினைவகத்தை எடுத்து வேறு போனில் மாட்டினாலும், கிடைப்பது படிக்க முடியாத குப்பைதான்.

இதை நீங்களே பார்த்திருப்பீர்கள். புது போன் வாங்கும்போது போட்டோ, நம்பர், ஆப் எல்லாம் பழைய போனிலிருந்து வந்துவிடும். கைரேகை மட்டும் வராது, புதிதாகப் பதியத்தான் வேண்டும். அது குறை இல்லை. கணக்கு பழைய சிப்பை விட்டு வெளியே போகவில்லை என்பதற்கு அடையாளம்.

பேங்க் ஆப்புக்கு என்ன போகிறது?

பேங்க் ஆப்பில் விரல் வைத்து உள்ளே நுழைகிறீர்கள். உங்கள் ரேகை பேங்குக்குப் போகிறதா? இல்லை. பாதுகாப்புப் பகுதி விரலைச் சரிபார்த்து, "பொருந்தியது" என்று மட்டும் பதில் சொல்லும். நன்றாக வடிவமைத்த ஆப்களில், முன்பே சிப்புக்குள் உருவாக்கிய ஒரு சாவியை அப்போதுதான் பயன்படுத்த அனுமதிக்கும். படமும் போகாது, கணக்கும் போகாது.

போனில் புதிதாக ஒரு விரலைச் சேர்த்தால், பல பேங்க் ஆப்கள் மறுபடியும் பாஸ்வேர்டு கேட்பதைக் கவனித்திருப்பீர்கள். புது விரல் சேர்ந்ததும் பழைய சாவி செல்லாது என்று போன் ரத்து செய்துவிடுவதுதான் காரணம். நீங்கள் எதுவும் சேர்க்காத நாளில் ஆப் அப்படிச் சொன்னால், செட்டிங்ஸில் எத்தனை விரல் பதிவாகியிருக்கிறது என்று உடனே எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று. விரலைச் சென்சாரில் வைக்கச் சொல்லாமல், கேமராவில் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லும் எந்தக் கடன் ஆப்புக்கும், வாட்ஸ்ஆப் செய்திக்கும் இணங்காதீர்கள். அது இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நடக்கிற வேலை.

சிப் காக்க முடியாத இடங்கள்

சிப் காப்பது தன்னிடம் இருக்கும் கணக்கை. நீங்கள் தொட்ட கண்ணாடியில் பதிந்த ரேகையை அது காக்காது. ஐபோன் 5எஸ் விற்பனைக்கு வந்த சில நாட்களிலேயே, ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் குழுவினர் கண்ணாடியில் இருந்த ரேகையைப் படமெடுத்து, போலி விரல் செய்து போனைத் திறந்து காட்டினார்கள். போனை அணைத்து ஆன் செய்தால் முதலில் பின் நம்பரைத்தான் கேட்கிறது. 1234 என்று பின் வைத்திருந்தால், எவ்வளவு நல்ல சிப் இருந்தும் பயனில்லை.

ஆதார் கைரேகை இதிலிருந்து முற்றிலும் வேறு. போனில் பதிந்த விரல் ஆதாருக்குப் போவதில்லை. ரேஷன் கடையிலும் இ-சேவை மையத்திலும் வைக்கும் விரல், ஆதார் ஆணையத்திடம் ஏற்கெனவே இருக்கும் உங்கள் பதிவோடு ஒப்பிடப்படுகிறது. தெலங்கானா மோசடி நடந்ததும் அந்தப் பக்கத்தில்தான். அதைக் காக்க, ஆதார் ஆப்பிலோ ஆதார் இணையதளத்திலோ உங்கள் பயோமெட்ரிக்கைப் பூட்டிவைக்கலாம். பூட்டியிருக்கும்போது ரேஷன் கடையிலும் விரல் ஏற்காது. எனவே போவதற்கு முன் தற்காலிகமாகத் திறந்துகொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் 1947-ஐ அழையுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் தாமதிக்காமல் 1930-ல் புகார் செய்யுங்கள்.

பத்திர நகலை யாருக்காவது வாட்ஸ்ஆப்பில் அனுப்பும் முன், கைரேகை இருக்கும் பக்கத்தை மறைத்துவிடுங்கள். போன் படத்தை அழித்துவிடுகிறது. காகிதத்தில் இருக்கும் படத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.