டொம்லூர் தமிழ்க் கல்வெட்டு வீடியோ: உரியவர்களிடம் கொண்டு சேர்க்கும் ஹேஷ்டேக்குகள் எவை?

பெங்களூரு: பெங்களூரு டொம்லூரில் உள்ள சொக்கநாத சுவாமி கோயிலில் 13ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றைப் பற்றி ஒருவர் 40 விநாடி வீடியோ எடுத்து யூடியூப் ஷார்ட்ஸில் வெளியிடுகிறார் என வைத்துக்கொள்வோம். அவருக்கு லட்சக்கணக்கான பார்வைகள் தேவையில்லை. கல்வெட்டு வாசிப்பில் ஆர்வமுள்ள சில நூறு பேர் பார்த்தால் போதும்.

#viral, #bengaluru போன்றவையே பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் 'பெங்களூரு' என்று தேடுபவர் போக்குவரத்து நெரிசலையோ உணவகத்தையோ தேடிக்கொண்டிருக்கலாம். அவர் ஓரிரு விநாடிகளில் வீடியோவைத் தள்ளிவிட்டுப் போய்விடுவார். இப்படிப் பலராலும் தள்ளப்படும் வீடியோ, மேலும் பலருக்குக் காட்டப்படும் வாய்ப்பு குறைகிறது.

குறுகிய சொல்லாக இருந்தால் மட்டும் போதாது. கோயிலின் பெயரையே எடுத்துக்கொள்வோம். #சொக்கநாதர் என்று போட்டால், மதுரை மீனாட்சி அம்மன் கோயிலில் உறையும் சிவபெருமானின் பக்தர்களே வந்து சேர்வார்கள். டொம்லூர் கோயிலோ பெருமாள் கோயில். இங்குள்ள இறைவனைக் கல்வெட்டுகள் 'சொக்கப்பெருமாள்' என்கின்றன. #சோழர் என்ற சொல்லிலும் இதே சிக்கல் உண்டு. பொன்னியின் செல்வன் திரைப்படக் காட்சிகளின் கூட்டத்தில் 40 விநாடிக் கல்வெட்டு வீடியோ காணாமல் போய்விடும்.

ஆகவே, தேடுபவர் தட்டச்சு செய்யக்கூடிய சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். #தமிழ்க்கல்வெட்டு, #tamilinscriptions, #சொக்கப்பெருமாள் ஆகிய மூன்றுமே இங்கு போதுமானவை. தமிழ் எழுத்தில் உள்ளதும் ஆங்கில எழுத்தில் உள்ளதும் தனித்தனி ஹேஷ்டேக்குகள் என்பதால் இரண்டும் தேவை. நடுவே இடைவெளி விட்டால் முதல் சொல் மட்டுமே ஹேஷ்டேக்காகும். எண்ணிக்கையைக் கூட்டுவதாலும் பயனில்லை. 60-ஐத் தாண்டினால் எல்லா ஹேஷ்டேக்குகளையும் யூடியூப் புறக்கணித்துவிடும்.

ஹேஷ்டேக்கைவிடத் தலைப்பே முக்கியம். 'பெங்களூருவில் இப்படி ஓர் அதிசயமா?' என்ற தலைப்பில் தேடலுக்கு உதவும் சொல் எதுவும் இல்லை. 'டொம்லூர் கோயில் தமிழ்க் கல்வெட்டு: தேசிமாணிக்கப்பட்டணம் எது?' என்பதில் ஊர், பொருள், கேள்வி மூன்றும் உள்ளன. டொம்லூருக்குக் கல்வெட்டில் காணப்படும் மற்றொரு பெயர் அது. அந்தப் பெயரைத் தேடுபவர்கள் மிகச் சிலரே என்றாலும், வீடியோவை முழுமையாகப் பார்க்கக்கூடியவர்கள் அவர்கள்தான். வீடியோவின் தொடக்கத்திலேயே அந்தச் சொல்லைப் பேச்சிலும் திரையிலும் கொண்டுவருவது நல்லது. Tags பகுதியின் பங்கு குறைவு. டோம்லூர், தொம்லூர் போன்ற எழுத்து வேறுபாடுகளை அங்கே இடலாம்.

ஷார்ட்ஸ் பார்வைகளில் பெரும்பகுதி தேடலின்றி, விரலால் தள்ளும்போது தானாக வருபவையே. அவற்றை ஹேஷ்டேக்கால் முழுமையாகக் கட்டுப்படுத்த இயலாது. எனவே சில நாட்கள் கழித்து, யூடியூப் ஸ்டுடியோவில் தேடல் வழியாக வந்தவர்கள் பயன்படுத்திய சொற்களைப் பார்க்க வேண்டும். அங்கே 'மதுரை சொக்கநாதர்' என்று இருந்தால், தலைப்பிலும் விளக்கக் குறிப்பிலும் உள்ள 'சொக்கநாத' என்ற சொல்லை 'சொக்கப்பெருமாள்' என மாற்றிப் பார்க்கலாம். வீடியோவை நீக்கி மீண்டும் பதிவேற்றத் தேவையில்லை.