ஆய்வு எழுதும் கலை – 9
கலைச்சொல்லுக்குள் புதைந்த வாதம்

மண்ணின் வயதைக் கணிக்கும் துறையில் ஆய்வு செய்யும் மாணவி ஒருவர், தொல்லியல் மாநாடு ஒன்றுக்கு 250 சொற்களில் ஆய்வுச் சுருக்கம் அனுப்பியிருந்தார். அது திரும்பி வந்துவிட்டது. நடுவர்களில் ஒருவர் எழுதியிருந்த குறிப்பின் சாரம் இது: ‘ஏரிக்கரைக்குக் குறைந்தபட்ச வயது 900 ஆண்டுகள் என்கிறீர்கள். முன்பு செய்தவர்கள் 1,500 என்றார்கள். குறைந்தது 900 என்றால் 1,500 ஆகவும் இருக்கலாமே, இதில் புதிதாக என்ன இருக்கிறது?’

“சார், அவர் சரியாகவே படிக்கவில்லை” என்றார் மாணவி. நான் சுருக்கத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தேன். எழுதியிருந்ததை நடுவர் அப்படியேதான் படித்திருந்தார்.

எங்கே தவறியது என்று புரிய, அந்த ஆய்வைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் குவார்ட்ஸ் மணல்துகள், சுற்றியுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவற்றின் கதிர்வீச்சைச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைக்கிறது. வெயில் பட்டால் அந்தச் சேமிப்பு காலியாகிவிடும். ஆகவே ஒரு துகளில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்து, ஆண்டுக்கு எவ்வளவு சேரும் என்பதால் வகுத்தால், அது கடைசியாக வெயிலைப் பார்த்து எத்தனை ஆண்டு ஆயிற்று என்று தெரியும். இதுதான் ஒளித்தூண்டல் காலக்கணிப்பு.

ஏரிக்கரையில் ஒரு சிக்கல் உண்டு. கரை போட்டவர்கள் மண்ணை வெட்டிக் கூடையில் அள்ளிக் கொட்டினார்கள். கூடையின் நடுவில் இருந்த துகள்கள் வெயிலையே பார்க்காமல் கரைக்குள் போயின. பழைய சேமிப்பு அப்படியே அவற்றில் இருக்கிறது. எல்லாத் துகள்களையும் சேர்த்து அளந்தால், கரையின் வயது உண்மையைவிடக் கூடுதலாகத்தான் வரும். மாணவி துகள்களைத் தனித்தனியாக அளந்து, மிகக் குறைந்த சேமிப்புள்ள துகள்கள் எந்த வயதைச் சுற்றிக் கூடுகின்றன என்று கணக்கிட்டார். வெயிலை நன்றாகப் பார்த்தவை அவைதான். அவை சொல்வதுதான் கரை போட்ட காலம்: ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பு.

இந்தக் கணக்கு முறைக்கு அந்தத் துறையில் ‘மினிமம் ஏஜ் மாடல்’ என்று பெயர். துறைக்குள் இருப்பவர் காதில் இந்த மூன்று சொல்லும் ஒரு முழு வாதமாகவே விழும்: ‘வெயில் படாத துகள்கள் கலந்திருந்தன, அதனால் முந்தைய வயது கூடிவிட்டது, நான் அவற்றைப் பிரித்துப் பார்த்தேன்.’ ஆனால் வெளியில் இருப்பவர் ‘மினிமம்’ என்ற சொல்லை அன்றாடப் பொருளில்தான் எடுத்துக்கொள்வார். ‘குறைந்தது 900, அதற்கு மேல் எவ்வளவும் இருக்கலாம்’ என்பார். மாணவி சொல்ல வந்தது ‘900தான், 1,500 இல்லை’ என்று. அவருடைய கண்டுபிடிப்பு முழுவதும் ஒரு முறையின் பெயருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பெயரோ தலைகீழான பொருளைத் தந்தது.

தெரியாத சொல்லைவிட, தெரிந்த மாதிரி இருக்கும் சொல்தான் ஆபத்து. தெரியாத சொல்லில் நடுவர் நின்று யோசிப்பார். தெரிந்த சொல்லில் நிற்கமாட்டார்.

வேற்றுத் துறையினருக்காக எழுதும்போது பலரும் கலைச்சொற்களை எல்லாம் எடுத்துவிட்டு எளிய சொற்களைப் போடுகிறார்கள். அது தேவையில்லை. ஒவ்வொரு கலைச்சொல்லின் மீதும் விரலை வைத்து, இதைப் படிக்காமல் தாண்டினால் வாசகர் எதை இழப்பார் என்று கேட்டுப் பார்க்கலாம். கருவியின் பெயர், துகளைச் சுத்தம் செய்த அமிலத்தின் பெயர் ஆகியவற்றைத் தாண்டினால் ஒன்றும் குறையாது. அவை வெறும் அடையாளச் சீட்டுகள், இருந்தாலும் பாதகமில்லை. ‘மினிமம் ஏஜ் மாடல்’ என்பதைத் தாண்டினால் வாதமே போய்விடும். இப்படிப்பட்ட ஒன்றிரண்டு சொற்களைப் பிரித்து வாக்கியமாக எழுத வேண்டும். 250 சொற்களுக்குள் அதற்கு மட்டும்தான் இடம் இருக்கும்.

இதே வாதத்தை வெளியாருக்கும் புரியும்படி எழுதிய நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. வட ஆஸ்திரேலியாவில் ஜின்மியம் என்றொரு பாறைக் குடைவு. அங்கே கற்கருவிகள் கிடைத்த மண்ணின் வயது 1,16,000 ஆண்டுகளும் அதற்கு மேலும் என்று 1996இல் அறிவித்தார்கள். மனிதர் ஆஸ்திரேலியாவுக்கு வந்த காலத்தையே மாற்றி எழுதவைக்கும் எண் அது. 1998இல் ரிச்சர்ட் ராபர்ட்ஸ் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் மறு கணிப்பை வெளியிட்டார்கள். பல துகள்களைச் சேர்த்து அளந்தபோது அடிமண்ணுக்கு 22,000 ஆண்டுகள் வந்தது. தனித்தனியாக அளந்தபோது 10,000 ஆண்டுக்கும் குறைவு என்று தெரிந்தது.

அது இதழ்க் கட்டுரையின் சுருக்கம், மாநாட்டுக்கானது இல்லை. ஆனாலும் அது போகும் வரிசையைப் பாருங்கள். முதலில் இடம். அடுத்து, இதுவரை சொல்லப்பட்ட வயது, அது எதன் மேல் நின்றது என்பது. பிறகுதான் புதிய எண்கள். கரித்துண்டுகளை ரேடியோ கார்பன் முறையில் கணித்ததும் அதோடு ஒத்துப்போகிறது என்று ஒரு வரி. தொல்லியலார் எல்லோருக்கும் பழக்கமான முறை அது, அவர்கள் தாங்களே எடைபோட்டுப் பார்க்கலாம். கடைசியில் காரணம்: சில துகள்கள் புதையும் முன் போதிய வெயிலைப் பெறவில்லை, சேர்த்து அளக்கும் எந்த முறையிலும் இது வயதைக் கூட்டிக் காட்டும். துறையாளர் ஒரு கலைச்சொல்லில் முடிக்கும் விஷயத்தை அங்கே வெயிலைக் கொண்டு விளக்கியிருக்கிறார்கள்.

மாணவியும் நானும் அவருடைய சுருக்கத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதல் வாக்கியம் இப்படி இருந்தது: ‘ஏரிக்கரைப் படிவுகளின் ஒற்றைத்துகள் அளவீடுகளுக்கு மினிமம் ஏஜ் மாடலைப் பொருத்தியதில், 900 ± 80 ஆண்டுகள் என்ற வயது பெறப்பட்டது.’ இதை மூன்று வாக்கியங்களாக்கினோம்:

‘இந்த ஏரிக்கரை 1,500 ஆண்டுகள் பழையது என்று கருதப்பட்டுவந்தது. வெட்டிக் கொட்டிய மண்ணில் வெயில் படாத துகள்கள் கலந்திருப்பதால் அந்த வயது கூடுதலாக வந்திருக்கிறது என்று காட்டுகிறோம். துகள்களைத் தனித்தனியாக அளந்து, வெயில் பட்டவற்றை மட்டும் கணக்கில் கொண்டால் (மினிமம் ஏஜ் மாடல்), கரை 900 ± 80 ஆண்டுகளுக்கு முன்பு போடப்பட்டது.’

முறையின் பெயரை நாங்கள் நீக்கவில்லை. நடுவர்களில் ஒருவர் அதே துறைக்காரராக இருந்தால் அவர் முதலில் தேடுவது அதைத்தான். பெயர் இல்லையென்றால், இவருக்கு விஷயம் தெரியுமா என்று சந்தேகப்படுவார். விளக்கம் முன்னால், பெயர் பின்னால் அடைப்புக்குறிக்குள் என்று வைத்தால் இருவருக்கும் போதும். ± 80ஐயும் தொடவில்லை. எளிமைக்காக ‘சுமார் 900’ என்று எழுதியிருந்தால், 1,500 என்ற எண் எவ்வளவு தூரம் விலகி நிற்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஒரு இடத்தில் மட்டும் அவரைத் தடுத்தேன். உற்சாகத்தில், ‘இந்த வட்டாரத்தின் பாசன வரலாறே மாறுகிறது’ என்று ஒரு வரி சேர்த்திருந்தார். அளந்தது ஒரே ஒரு கரையை. வெளித்துறை நடுவருக்கு முறை தெரியாவிட்டாலும் ஒன்றை வைத்துப் பத்தைச் சொல்வது தெரியும். அந்த வரியை அடித்துவிட்டு, ‘துகள்களைச் சேர்த்து அளந்து முன்பு கணித்த மற்ற மண்கரைகளின் வயதையும் மறுபடி பார்க்க வேண்டும்’ என்று எழுதினோம். அவருடைய தரவு தாங்கும் அளவு அதுதான். பாசன வரலாறு எழுதுபவருக்கும் அங்கே கையில் ஒரு வேலை கிடைக்கிறது.

நீங்களும் அனுப்பும் முன், பக்கத்துத் துறை நண்பர் ஒருவரிடம் உங்கள் சுருக்கத்தைக் கொடுங்கள். புரிந்ததா என்று கேட்காதீர்கள், மரியாதைக்குப் புரிந்தது என்றுதான் சொல்வார். தாளை வாங்கி வைத்துக்கொண்டு, “முன்னால் என்ன நினைத்திருந்தார்கள், நான் என்ன மாற்றுகிறேன், சொல்லுங்கள்” என்று கேளுங்கள்.